மீட்டரில் சிவப்பு எரியாத க்ளிப்பிங்: ஒரு நாகஸ்வரக் கச்சேரிப் பதிவைச் சீர்செய்த விவரம்

ஒரு கோயில் திருவிழாவில் நடந்த நாகஸ்வரக் கச்சேரியின் வீடியோப் பதிவு இந்த ஆய்வின் பொருள். வாசித்த வித்வான் இப்போது இல்லை. அவருடைய முழுக் கச்சேரி என்று குடும்பத்தாரிடம் எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான் என்பதால், அதில் நெடுகக் கேட்கும் கரகரப்பை எடுத்துத் தர முடியுமா என்று அவருடைய மகன் கேட்டிருந்தார். வீடியோ எடுத்தவர் கேமராவின் மைக்கை நம்பாமல், மேடைக்கு அருகிலிருந்த மிக்ஸரின் துணை வெளியீட்டிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, கேமராவின் மைக் துளையில் செருகியிருந்தார். எண்ணம் சரியானதே, செருகிய இடம்தான் பொருந்தவில்லை. மிக்ஸர் வெளியே அனுப்பும் லைன் நிலைச் சமிக்ஞை ஏறக்குறைய 1.2 வோல்ட் அளவில் இருக்கும். மைக் துளையோ சில மில்லிவோல்ட்டுகளை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. நல்லவேளையாக மிக்ஸர்காரர் அந்தத் துணை வெளியீட்டின் திருகை மிகத் தாழ்வாக வைத்திருந்ததால் பதிவு முழுவதும் பாழாகவில்லை. ஆலாபனையின் மென்மையான இடங்கள் தெளிவாகவே இருந்தன. நாகஸ்வரம் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போதும், தவிலில் பலத்த அடி விழும்போதும் மட்டும் ஒலி எல்லையைத் தாண்டி, அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டிருந்தன. க்ளிப்பிங் என்பது இந்த வெட்டுதான்.

வந்த கோப்பை நான் முதலில் மறுகுறியாக்கம் எதுவும் செய்யாமல் 32 பிட் ஃப்ளோட் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டேன். கேமரா ஒலியை ஏஏசி முறையில் சுருக்கிப் பதிந்திருந்தது. சுருக்கப்பட்ட ஒலியை விரிக்கும்போது சில உச்சங்கள் முழு அளவையும் தாண்டக்கூடும். 16 பிட் கோப்பாக எடுத்தால் அந்த இடங்கள் இரண்டாம் முறையாக வெட்டுப்படும். பின்னால் சீர்செய்யும்போது உயரப்போகும் உச்சங்களுக்கும் இந்த வடிவத்தில் இடம் இருக்கிறது.

```
ffmpeg -i kacheri.mp4 -vn -c:a pcm_f32le kacheri.wav
ffmpeg -i kacheri.wav -af astats -f null -
```

இரண்டாவது கட்டளை ஒலியின் புள்ளிவிவரங்களைத் தருகிறது. அதில் Flat factor என்ற வரி, உச்ச அளவில் ஒரே மதிப்புடைய சாம்பிள்கள் எந்த அளவுக்குத் தொடர்ந்து வருகின்றன என்பதைச் சொல்லும். டிஜிட்டல் எல்லையில் வெட்டுப்பட்ட கோப்பில் அது உயர்ந்து நிற்கும். இந்தக் கோப்பில் அது பூஜ்ஜியமாக இருந்தது. மிக உயர்ந்த உச்சமும் முழு அளவுக்குக் கீழே 6 டெசிபெல்லுக்கு மேல் தள்ளியே நின்றது. எண்களை மட்டும் பார்ப்பவர் இந்தப் பதிவில் க்ளிப்பிங்கே இல்லை என்று சான்று கொடுத்துவிடுவார். காதோ முதல் தாரஸ்தாயி ஸட்ஜத்திலேயே கரகரப்பைப் பிடித்துவிடுகிறது.

வெட்டு விழுந்த இடம்

சீர்செய்யும் கருவிகளைத் திறப்பதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி இதுதான்: ஒலி செல்லும் பாதையில் எந்தப் புள்ளியில் வெட்டு விழுந்தது? பின்னால் வைக்கப்போகும் அளவுகள் எல்லாம் அந்த விடையைப் பொறுத்தவை.

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மூன்று அடையாளங்கள் கிடைத்தன. முழு அளவை 1 என்று கொண்டால், மேல்பக்க உச்சங்கள் 0.46ஐத் தாண்டவில்லை, கீழ்ப்பக்க உச்சங்கள் 0.41ஐத் தாண்டவில்லை. இரு பக்கமும் சமமில்லாமல் வெட்டுப்பட்டிருப்பது மின்சுற்றின் குணம். எண்களாக மாறிய பிறகு விழும் வெட்டு பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே அளவில் நிற்கும். அடுத்து, வெட்டுப்பட்ட உச்சிகள் சமதளமாக இல்லாமல், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்திருந்தன. வெட்டு விழுந்த பிறகு ஒலி ஒரு மின்தேக்கியைக் கடந்து வரும்போது இந்தச் சரிவு ஏற்படும்; அந்தச் சரிவின் மேல் ஏஏசி சுருக்கம் சிறு நெளிவுகளையும் சேர்த்திருந்தது. Flat factor பூஜ்ஜியம் காட்டியதன் காரணம் இதுவே. பக்கத்துப் பக்கத்துச் சாம்பிள்கள் ஒன்றுக்கொன்று சிறிதளவு வேறுபட்டுவிடுவதால் தட்டை என்று கணக்கில் ஏறுவதில்லை.

மூன்றாவது அடையாளம்தான் ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தது. கச்சேரியின் நடுவில் ஓரிடத்தில் பதிவின் அளவு திடீரென்று பாதியாகக் குறைகிறது. அதற்குப் பிறகு மேல் உச்சங்கள் 0.23இலும் கீழ் உச்சங்கள் 0.205இலும் நிற்கின்றன, ஆனால் கரகரப்பு இம்மியும் குறையவில்லை. வீடியோ எடுத்தவரிடம் இதைக் கேட்டபோது, “அண்ணே, மீட்டர் ரொம்ப மேல ஏறுதேன்னு நான்தான் நடுவுல லெவலக் குறைச்சேன். அப்பவும் சத்தம் கிழியுதுன்னா என்னன்னு புரியல” என்றார். அவர் திருகியது, மைக் துளையில் வரும் சமிக்ஞையை முதலில் பெருக்கும் ப்ரீஆம்புக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாடு. வெட்டு விழுந்ததோ ப்ரீஆம்பின் முதல் படியிலேயே. எனவே அவர் குறைத்தபோது ஒலியோடு சேர்ந்து வெட்டுக்கோடும் கீழே இறங்கியிருக்கிறது. கட்டுப்பாட்டைக் குறைத்தும் சிதைவு மாறாமல் வெட்டுக்கோடு மட்டும் இறங்கினால், கோளாறு அந்தக் கட்டுப்பாட்டுக்கு முன்னாலேயே நேர்ந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொரு வாய்ப்பையும் நீக்க வேண்டியிருந்தது. நாகஸ்வரத்தின் முன் வைத்த மைக்கோ, மேடையின் ஒலிபெருக்கியோ ஏற்கெனவே கிழிந்த ஒலியைத்தான் கேமராவுக்கு அனுப்பியிருக்குமா? கூட்டத்திலிருந்த ரசிகர் ஒருவர் கைபேசியில் பதிந்த சில நிமிடங்கள் குடும்பத்தாரிடம் இருந்தன. அந்தப் பதிவில் கூட்டத்தின் பேச்சும், அளவைத் தானே ஏற்றி இறக்கும் கைபேசியின் போக்கும் இருந்தாலும், நாகஸ்வரத்தின் ஒலியில் கிழிசல் இல்லை. ஆகவே மிக்ஸர் வரை ஒலி நலமாகவே வந்திருக்கிறது. ஒலிபெருக்கியே கிழிந்திருந்தால் நான் இந்த வேலையை ஏற்றிருக்க மாட்டேன். அந்தச் சிதைவு கூடத்தின் எதிரொலியோடு கலந்து மைக்கில் விழுந்துவிட்ட பிறகு, அலைவடிவத்தில் வெட்டுக்கோடு என்று காட்டுவதற்கு எதுவுமே இருக்காது.

எவ்வளவு தொலைந்தது

க்ளிப்பிங்கை வெறும் உரப்புக் கோளாறாக எண்ணுவோர் பலர். உண்மையில் அது தகவல் இழப்பு. ஒரு தூய சைன் அலை எல்லையை 1 டெசிபெல் தாண்டினால் அதன் நேரத்தில் சுமார் 30 விழுக்காடு வெட்டுப்பட்ட நிலையில் கழிகிறது. 3 டெசிபெல் தாண்டினால் பாதி. 6 டெசிபெல் தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கு. சிறிதளவு தாண்டியதாகத் தோன்றுவதே பெரிய இழப்பாகிவிடுவது இதனால்தான்.

நாகஸ்வரத்தின் நல்லகாலம், அதன் அலை சைன் அலை போன்றதன்று. சீவாளியின் அதிர்வில் மேல்சுரங்கள் மிகுதி என்பதால் ஒவ்வொரு சுழற்சியிலும் உச்சம் கூர்மையாகவும் குறுகலாகவும் எழுந்து அடங்கும். இந்தக் கச்சேரியின் சுருதி 2 கட்டை. அதன் ஸட்ஜம் சுமார் 294 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 48,000 சாம்பிள் கொண்ட பதிவில் அது சுழற்சிக்கு ஏறக்குறைய 163 சாம்பிள். அந்த 163இல் வெட்டுப்பட்டவை பெரும்பாலான இடங்களில் இருபதுக்குக் கீழேயே இருந்தன. மீதமுள்ளவை அப்படியே இருக்கின்றன. தவிர, முந்தைய சுழற்சியும் பிந்தைய சுழற்சியும் ஏறத்தாழ அதே வடிவத்தில் வருகின்றன. சீர்செய்யும் மென்பொருள்கள் பலவும் சாய்ந்து நிற்பது இதன் மேல்தான். சுற்றியுள்ள நல்ல சாம்பிள்களிலிருந்து, ஒவ்வொரு சாம்பிளும் தனக்கு முந்தையவற்றின் கூட்டாக எப்படி அமைகிறது என்ற விதியைக் கணித்து, அந்த விதி உடையாதபடி இடைவெளியை நிரப்புகின்றன. 1986இல் யான்சென், வெல்தூயிஸ், விரீஸ் ஆகிய மூவரும் இழந்த சாம்பிள்களை மீட்பதற்காக வெளியிட்ட முறை இந்த வகைக்கு அடிப்படையான ஒன்று. க்ளிப்பிங்கில் இன்னொரு தகவலும் கையில் இருக்கிறது: நிரப்பப்படும் மதிப்பு வெட்டுக்கோட்டுக்கு வெளியேதான் இருந்திருக்க முடியும், உள்ளே இருந்திருக்க முடியாது.

தவிலின் நிலை வேறு. தொப்பியில் விழும் பலத்த அடி தாழ்ந்த அலையைக் கிளப்பி, ஒலியை ஒரே மூச்சில் 60, 80, சில இடங்களில் 100 சாம்பிள்கள் வரை எல்லையோடு ஒட்டவைத்துவிடுகிறது. நூறு சாம்பிள் என்பது 2 மில்லிவினாடி. அந்த நேரத்துக்குள் நாகஸ்வரத்தின் ஒரு சுழற்சியில் பாதிக்கு மேல் இருக்கிறது. அதில் எதுவும் பதிவாகவில்லை. தவிலின் உச்சி மட்டும் போகவில்லை. அந்நேரத்து நாகஸ்வரமும் சேர்ந்தே போயிற்று.

சீர்செய்த வரிசை

கோப்பில் வேறெந்த வேலையையும் முதலில் செய்யக் கூடாது. தாழ்வொலி வடிகட்டி போடுவது, ஈக்வலைஸ் செய்வது, சாம்பிள் வீதத்தை மாற்றுவது எல்லாமே உச்சிகளின் வடிவத்தை மாற்றிவிடும்; எங்கே வெட்டு விழுந்தது என்பதற்கான தடயம் அதோடு அழியும். இரைச்சலைக் குறைத்த பிறகு கோப்பைக் கொண்டுவந்து கரகரப்பை எடுத்துத் தரும்படி கேட்பவர்களிடம் நான் மூலக்கோப்பைத்தான் கேட்டு வாங்குகிறேன்.

ஆராய்ந்து பார்ப்பதற்காக ffmpeg இன் adeclip வடிகட்டியை அதன் இயல்பு அளவுகளோடு ஓட்டினேன். ஏறக்குறைய எதுவும் மாறவில்லை. உச்ச விளிம்பில் சாம்பிள்கள் திடீரென்று குவிந்திருப்பதை அது தேடுகிறது. இங்கே சரிந்த உச்சிகளால் குவியல் 0.42 முதல் 0.46 வரை பரவிக் கிடந்தது. தானே கண்டுபிடிக்கும் கருவிகள் இத்தகைய பதிவில் தோற்பது இயல்பு. வெட்டுக்கோட்டை நாமே சொல்லக்கூடிய கருவி தேவைப்பட்டதால் ஐசோடோப் ஆர்எக்ஸ் மென்பொருளின் De-clip பகுதிக்கு மாறினேன். அதில் சாம்பிள் மதிப்புகளின் பரவல் ஹிஸ்டோகிராமாகத் தெரியும். நலமான ஒலியில் அந்த வரைபடம் இரு ஓரங்களிலும் மெல்லிதாகித் தேய்ந்து மறையும். வெட்டுப்பட்ட ஒலியிலோ ஓரங்களில் கொம்பு முளைத்ததுபோல் மேடு எழும்பி நிற்கும். இந்தப் பதிவில் கொம்புகள் அகலமாக இருந்தன. அவற்றின் உட்பக்க அடிவாரத்துக்குச் சற்று உள்ளே, மேலே 0.41, கீழே 0.36 என்று இரு பக்கத்துக்கும் தனித்தனியே கோடு வைத்தேன்.

இந்தக் கோட்டை வைப்பதில்தான் பெரும்பகுதி நேரம் போகும். கோடு வெளியே தள்ளி நின்றால், சரிந்த உச்சியின் தாழ்ந்த முனை நல்ல சாம்பிளாக எடுத்துக்கொள்ளப்பட்டு, மீட்ட உச்சத்தின் வலப்பக்கத்தில் ஒரு படிக்கட்டு எஞ்சும். கரகரப்பு குறைந்தும் மறையாமல் நிற்கும். கோடு மிகவும் உள்ளே போனால் நலமான சாம்பிள்களும் ஊகத்தால் மாற்றப்பட்டு, சீவாளியின் கடிப்பு மழுங்கிவிடும். எது நேர்ந்தது என்பதை அறிய, சீர்செய்த ஒலியிலிருந்து மூல ஒலியைக் கழித்து மிச்சத்தைக் கேட்க வேண்டும். சரியான கோட்டில் மிச்சம் வெறும் நொறுங்கல் ஓசையாக, வெட்டு விழுந்த நொடிகளில் மட்டும் கேட்கும். மென்மையான இடங்களில் முழு அமைதி இருக்கும். இங்கே கோட்டை 0.30 வரை இறக்கிப் பார்த்தபோது, மிச்சத்தில் ராகத்தின் போக்கே அடையாளம் தெரிந்தது. நல்ல ஒலியையும் கருவி தொட்டுவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அளவு குறைக்கப்பட்ட பிற்பகுதியைத் தனிக் கோப்பாகப் பிரித்து, கோடுகளைப் பாதியாக்கி, 0.205, 0.18 என்று வைத்துச் சீர்செய்தேன். முழுக் கோப்புக்கும் ஒரே கோடு வைத்திருந்தால் பிற்பகுதியில் ஓர் உச்சம்கூட அதை எட்டியிருக்காது. இரண்டு பகுதிகளுக்கும் நடுவில், வீடியோக்காரர் திருகைத் திருப்பிய சில வினாடிகளில் வெட்டுக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த இடத்தை ஒவ்வொரு வீச்சாகத் தேர்ந்தெடுத்துக் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. பிறகு பிற்பகுதியை 6 டெசிபெல் உயர்த்தி முற்பகுதியோடு சேர்த்தேன். சேர்த்த இடத்துக்குப் பின் பின்னணி இரைச்சல் சற்றுக் கூடியிருப்பது ஹெட்போனில் கேட்டால் தெரியும். அதை அப்படியே விட்டேன்.

நாகஸ்வரத்தைப் பொறுத்தவரை பலன் நன்றாகவே வந்தது. மீண்ட உச்சங்கள் வெட்டுக்கோட்டுக்கு மேல் 3 முதல் 5 டெசிபெல் வரை எழுந்தன. சிதைவு உண்மையிலேயே குறைந்ததா என்பதை ஸ்பெக்ட்ரோகிராமில் சரிபார்க்கலாம்: நாகஸ்வரமும், அதற்குச் சுருதி பிடிக்கும் ஒத்தும் சேர்ந்து வெட்டுப்படும்போது இரண்டின் அதிர்வெண்களும் கூடியும் கழிந்தும் உண்டாக்கும் போலிச் சுரங்கள், உண்மையான மேல்சுரக் கோடுகளுக்கு நடுவே புகைபோல் நிரம்பி நிற்கும். சீர்செய்த பிறகு அந்த இடைவெளிகள் வெளுத்திருந்தன. மேல்சுரக் கோடுகள் இருந்த இடத்திலேயே நின்றன.

தவில் அடிகளில் கருவி தடுமாறியது. நீண்ட இடைவெளிகளை நிரப்பும்போது அது சில அடிகளில் உச்சத்தை வெட்டுக்கோட்டுக்கு மேல் 12 டெசிபெல் வரை ஊதிவிட்டது. அலைவடிவத்தில் அண்டை அடிகளைவிட இரண்டு மடங்கு உயர்ந்த ஒற்றை மேடாக அது தெரியும். காதில் தோலின் நாதம் இல்லாத வெறும் ‘தொம்’ என்ற தள்ளலாகக் கேட்கும். இத்தகைய அடிகளை ஒவ்வொன்றாகத் தேடி, அதே சொற்கட்டில் வெட்டுப்படாமல் விழுந்த அடிகளின் உயரத்தை அளவாகக் கொண்டு, மேட்டை மட்டும் தணித்தேன். அந்த 2 மில்லிவினாடிகளில் தொலைந்த நாகஸ்வரத்தை மீட்க முயலவில்லை. அவ்வளவு குறுகிய இல்லாமை காதுக்கு எட்டுவதில்லை. இடைவெளியின் இரு விளிம்புகளிலும் இருந்த கூர்முனைதான் இதுவரை எரிச்சலூட்டியது, அது மழுங்கிவிட்டால் போதும். ஆனால் கோர்வையை நோக்கி அடிகள் நெருங்கி விழும் இடங்களில் இல்லாமைகள் அடுத்தடுத்து வருவதால், நாகஸ்வரத்தில் ஒரு சொரசொரப்பு எஞ்சத்தான் செய்கிறது. வெட்டுப்படாத அடிகளை நகலெடுத்து அந்த இடங்களில் ஒட்டியிருக்கலாம். சினிமாப் பாடலாக இருந்தால் செய்திருப்பேன். ஒரு வித்வானின் ஆவணப் பதிவில், அவருக்கு அன்று பக்கவாத்தியம் வாசித்தவர் வாசிக்காத ஓர் அடியை வைப்பது முறையன்று என்பது என் முடிவு.

முதல் படியைக் கேட்ட மகன், “அப்பா வாசிப்பு இவ்வளவு அடங்கி இருக்காதுங்க, அந்த கணீர்னு இருக்கறது போயிடுச்சே” என்றார். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒன்று உரப்பு. உச்சங்களுக்கு இடம்விட்டு மொத்த அளவைக் குறைத்துத்தான் படியை அனுப்பியிருந்தேன்; மனிதக் காது அளவு குறைந்ததையே மழுங்கலாக எடுத்துக்கொள்ளும். மற்றது பழக்கம். வெட்டு விழும்போது உண்டாகும் மேல்சுரங்கள் ஒலிக்குப் பொய்யான பளபளப்பைத் தருகின்றன, அந்தப் பளபளப்போடுதான் குடும்பத்தார் இத்தனை நாள் கேட்டிருக்கிறார்கள். பழைய ஒலியையும் புதிய ஒலியையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து, நடுவில் கைபேசிப் பதிவையும் வைத்துக் கேட்கச் சொன்னேன். கைபேசியில் இருந்த நாதத்துக்குப் புதியதே நெருக்கம் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் கோட்டை 0.41இலிருந்து 0.415க்கு நகர்த்தியதில் சீவாளியின் கடிப்பு சற்றுக் கூடியது உண்மை. இறுதிப் படியில் அதையே வைத்தேன்.

கடைசியாக, ப்ரீஆம்ப் முழுமையாக வெட்டுவதற்குச் சற்று முன்பே வளைந்ததால் எஞ்சியிருந்த மெல்லிய நொறுங்கலுக்கு De-crackle பகுதியை மிகக் குறைந்த வலுவில் ஓட்டினேன். 0.5 அளவுக்கு மேல் போனால் தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் எழுப்பும் ‘டக்’ ஓசையை அது நொறுங்கல் என்று எண்ணி உண்ணத் தொடங்குகிறது என்பதால் அதற்கு முன்பே நிறுத்தினேன். ஈக்வலைஸ் எதுவும் செய்யவில்லை. ஒரு லிமிட்டரை வைத்து உச்சத்தை முழு அளவுக்கு 1 டெசிபெல் கீழே நிறுத்தி 24 பிட் கோப்பாக எழுதினேன். லிமிட்டர் இல்லாத 32 பிட் ஃப்ளோட் கோப்பையும், கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பையும் கூடவே கொடுத்தேன். எந்தப் பகுதிக்கு எந்தக் கோடு வைக்கப்பட்டது, கையால் தணித்த தவில் அடிகள் எந்தெந்த நேரத்தில் இருக்கின்றன, சொரசொரப்பு எஞ்சிய கோர்வைகள் எவை என்று எழுதிய தாளும் அதே உறையில் இருக்கிறது. வீடியோ எடுத்தவர் இப்போது மிக்ஸருக்கும் கேமராவுக்கும் நடுவில், சமிக்ஞையை நூறில் ஒன்றாகக் குறைக்கும் 40 டெசிபெல் அட்டென்யுவேட்டர் பொருத்திய கேபிளைப் பயன்படுத்துகிறார்.